எண்பத்தெட்டு டிகிரித் தண்ணீர்

அந்தக் கல்லூரியின் இயற்பியல் துறையில் அவளுடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ஸ்பிரிட் அக்கா என்றால்தான் தெரியும். ஸ்பிரிட் பாட்டில் இருக்கிற அலமாரியின் சாவி அவளிடம் இருந்தது, தீக்குச்சியைக் காட்டினால் குப்பென்று பிடித்துக்கொள்கிற குணமும் அவளிடம் இருந்தது. மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. அதில் அவளுக்கு வருத்தமே கிடையாது. வாத்தியார்கள் சிலர் "ஏம்மா, இங்க வா" என்று கூப்பிடுவார்களே, அதற்குத்தான் அவளுக்கு உள்ளங்காலிலிருந்து எரியும்.

பத்தொன்பது வருஷமாக அவள் அங்கே லேப் அட்டெண்டர். வேலை என்னவென்று கேட்டால் துடைப்பது, கழுவுவது, எடுத்து வைப்பது என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள், சொல்கிறவர்களுக்கு என்ன போச்சு! தராசைச் சமமான மேசையில் வைக்காவிட்டால் அது பொய் சொல்லும். செம்புப் பாத்திரத்தின் அடியில் பச்சை படிந்தால் சூடு சரியாக ஏறாது. தெர்மாமீட்டரில் பாதரசம் நடுவில் அறுந்து நின்றால் இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டும். இதெல்லாம் அவளுக்குக் கையில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை அறிவியல் படித்தவள். அதற்குமேல் படிக்க வைக்க வீட்டில் ஆள் இல்லை, கல்யாணம் செய்து வைக்க மட்டும் இருபது பேர் இருந்தார்கள். கட்டிக்கொண்ட பஸ் டிரைவர் நல்ல மனுஷன். அந்த இருபது பேர் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று அவள் சொல்வாள்.

அவளுடைய கோபத்துக்கு வேர் ஒரு விளக்குத்திரி.

இரண்டாம் வருஷ மாணவர்களுக்கு ஒரு செய்முறை உண்டு. சின்ன ஸ்பிரிட் விளக்கை எடை போட வேண்டும். செம்புப் பாத்திரத்தில் இருநூறு கிராம் தண்ணீர் ஊற்றி, அதன் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, அடியில் விளக்கை ஏற்ற வேண்டும். நாலைந்து நிமிஷம் கழித்து அணைத்து, தண்ணீர் எத்தனை டிகிரி ஏறியது, விளக்கின் எடை எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி ஏற ஒரு கலோரி. ஆகவே தண்ணீரின் எடையை ஏறிய டிகிரியால் பெருக்கினால் தண்ணீர் வாங்கிய வெப்பம் கலோரியில் கிடைக்கும். அதை எரிந்த ஸ்பிரிட்டின் எடையால் வகுத்தால் ஒரு கிராம் ஸ்பிரிட்டுக்கு இத்தனை கலோரி. ஒரு கலோரி என்பது நாலு புள்ளி இரண்டு ஜூல். கடைசியில் அந்த நாலு புள்ளி இரண்டால் பெருக்கிவிட்டால் விடை ஜூலில் வந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் அந்த லேபில் இருந்த பன்னிரண்டு விளக்கிலும் திரி வெள்ளை வெளேரென்று இருந்தது. பூப் போலக் கெடாமல் இருந்தது. ஏனென்றால் ஒருத்தரும் பற்ற வைப்பதில்லை. பையன்கள் வருவார்கள், உட்காருவார்கள், துறை அச்சடித்த கையேட்டைத் திறப்பார்கள், அதில் இருக்கிற மாதிரிக் கணக்கை ரெக்கார்டு நோட்டில் எழுதுவார்கள், மணி அடித்ததும் போவார்கள். துறைத்தலைவர் திறந்து பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். ஒரு கையால் போன் பேசிக்கொண்டே மறு கையால் அறுபது நோட்டில் கையெழுத்துப் போடுகிற சாமர்த்தியத்துக்காக மாணவர்கள் அவருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், ரெக்கார்டு சார்.

கையேட்டை எழுதியதும் ரெக்கார்டு சார்தான். பழைய கையேடு ஒன்று இருந்தது. அதில் விடை கலோரியில் இருக்கும், கிராமுக்கு ஏழாயிரம். எரிந்த ஸ்பிரிட் பூஜ்யம் புள்ளி நாலு கிராம், தண்ணீர் ஏறியது பதினாலு டிகிரி. அதுவும் விடையிலிருந்து பின்னாலே போய்ச் சமைத்த எண்தான், ஆனாலும் ஒரு ஒழுங்காகச் சமைத்திருந்தார்கள். பாடத்திட்டம் மாறி எல்லாம் ஜூலில் வேண்டும் என்று வந்தது. ரெக்கார்டு சார் என்ன செய்தார்? பாடப்புத்தகத்தில் ஒரு கிராம் ஸ்பிரிட்டுக்கு இருபத்தொன்பதாயிரத்து எழுநூறு ஜூல் என்று பார்த்தார். அதைப் பூஜ்யம் புள்ளி நாலால் பெருக்கி, இருநூறால் வகுத்தார். ஐம்பத்தொன்பது புள்ளி நாலு டிகிரி வந்தது. தண்ணீர் இருபத்தொன்பதில் ஆரம்பித்து எண்பத்தெட்டு புள்ளி நாலுக்குப் போனதாக எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டார். நடுவில் நாலு புள்ளி இரண்டால் வகுக்க வேண்டும் என்பது மறந்தே போச்சு. கலோரியை ஜூலாக மாற்றுகிற ஒரே படி, அந்தப் படியையே விழுங்கிவிட்டார் மனுஷன்.

அக்கா அதைக் கண்டுபிடித்தது ஆறு வருஷத்துக்கு முந்தி. விளக்குகள் ஒழுகுகின்றனவா என்று பார்க்க ஒன்றை ஏற்றி, சும்மா எரியவிடுவானேன் என்று மேலே தண்ணீரையும் வைத்துப் பார்த்தாள். கையேட்டில் இருந்தபடி பூஜ்யம் புள்ளி நாலு கிராம் எரியவிட்டு மூன்று தடவை செய்தாள். ஏழு, எட்டு டிகிரிக்கு மேல் ஏறவில்லை. கையேட்டையும் ஈரக் கையையும் வைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய், "சார், இதுல ஐம்பத்தொன்பது டிகிரின்னு போட்டிருக்கு. ஏறவே மாட்டேங்குது சார். நாலு புள்ளி ரெண்டு எங்க போச்சு?" என்று கேட்டாள்.

அவர் போனிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "உனக்கெதுக்கும்மா இந்த வம்பெல்லாம்? ஜன்னல் துடைச்சியா?"

ஆறு வருஷம் அந்த வாக்கியம் அவள் தொண்டையில் முள்ளாக நின்றது. துடைத்தாள். ஜன்னல் கண்ணாடி உடையாமல் இருந்தது கண்ணாடியின் அதிர்ஷ்டம்.

இப்போது லேப் அசிஸ்டென்ட் பதவி ஒன்று காலியானது. அதோடு இன்னொரு செய்தியும் வந்தது. துடைக்கிற, கூட்டுகிற வேலையையெல்லாம் வெளியாள் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்கப் போகிறார்கள், அடுத்த மாதத்திலிருந்து அட்டெண்டர்கள் லேபில் இருக்க மாட்டார்கள், விடுதித் தோட்டத்துக்கும் வாகனக் கொட்டகைக்கும் மாற்றிவிடுவார்கள். அதாவது அக்காவுக்கு வழி இரண்டே. லேப் அசிஸ்டென்ட் ஆனால் லேப். ஆகாவிட்டால் கையில் தண்ணீர்க் குழாயோடு செடிக்குப் பக்கத்தில். பத்தொன்பது வருஷம் தராசைப் பிள்ளை மாதிரித் தூக்கிச் சுமந்தவளுக்கு அது பொறுக்குமா?

பதவிக்கு இரண்டே பேர் விண்ணப்பித்திருந்தார்கள். அக்கா ஒருத்தி. கல்லூரி அலுவலகத்தில் தபால் பிரிக்கிற ஆள் ஒருவர். அவர் ரெக்கார்டு சாருடைய மனைவியின் தம்பி. கெட்டவர் என்று சொல்ல முடியாது, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிராணி. தானாக ஆசைப்பட்டு வந்தவரும் இல்லை, அத்தான் "எழுதிப் போடுடா" என்றார், எழுதிப் போட்டார். எழுத்துத் தேர்வில் இருவரும் தேறினார்கள். மிச்சம் இருந்தது இருபத்தைந்து மதிப்பெண்ணுக்குச் செய்முறைத் தேர்வு, தேறப் பத்து வேண்டும்.

அன்று காலை வீட்டில் அவள் புருஷன் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னார்: "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வாயைக் கட்டிக்கிட்டு இரு. பிரேக்கை மிதிச்ச மாதிரி இரு. என்ன சொன்னாலும் சரிங்க சார்னு சொல்லிட்டு வா."

"நான் என்ன வேணும்னா சண்டை போடுறேன்?"

"நீ எங்க போடுற? அதுவா வருது. இன்னைக்கு வராம பாத்துக்கோ, கண்ணு."

சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் வந்தாள்.

வெளித்தேர்வாளராக வேறொரு கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். கையில் குடை, கண்ணில் அவசரம். மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதை வந்ததும் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அவர் ரெக்கார்டு சாரின் அறையில் படிவங்களை நிரப்பிக்கொண்டிருக்க, சார் லேபுக்கு வந்து கேள்வித்தாளைக் கொடுத்தார். கேள்வி அதே கேள்விதான். கொடுக்கப்பட்ட ஸ்பிரிட் ஒரு கிராம் எரிந்தால் எவ்வளவு வெப்பம், ஜூலில் காண்க.

மேசைகளைத் தயார் செய்து வைத்தது அக்காதான், வேறு யார்? அவள் பரீட்சைக்கு அவளே சாமான் எடுத்து வைத்த கூத்தை என்னவென்று சொல்வது. இரண்டு மேசையிலும் ஒரே மாதிரி விளக்கு, ஒரே மாதிரிப் பாத்திரம், புதுத் திரி. தெர்மாமீட்டர் மட்டும் வழக்கமான நூற்றிப் பத்து டிகிரியை வைக்காமல், ஐம்பது டிகிரிவரை காட்டுகிறதை வைத்தாள். ஏழெட்டு டிகிரி ஏறுகிற வேலைக்கு அதுதான் சரி. கோடுகள் நெருக்கம், பத்தில் ஒரு பங்குவரை படிக்கலாம்.

அக்கா விளக்கை எடை போட்டாள். காற்றடிக்காமல் அட்டையை மறைப்பாக நிறுத்தினாள். ஏற்றினாள், கலக்கினாள், அணைத்தாள், மறுபடி எடை போட்டாள். இருபத்தொன்பது டிகிரி முப்பத்தாறரை ஆனது. ஏறியது ஏழரை. எரிந்தது பூஜ்யம் புள்ளி நாலு கிராம். இருநூறு பெருக்கல் ஏழரை, ஆயிரத்து ஐந்நூறு கலோரி. வகுத்தால் கிராமுக்கு மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது கலோரி. நாலு புள்ளி இரண்டால் பெருக்கினால் பதினைந்தாயிரத்து எழுநூற்று ஐம்பது ஜூல். அடியில் குண்டு எழுத்தில் ஒரு குறிப்பு எழுதினாள்: 'புத்தகத்தில் இருப்பதில் பாதிதான் வந்துள்ளது. மீதிச் சூடு காற்றிலும் பாத்திரத்திலும் போனது.' நிமிர்ந்து பார்த்தால் அடுத்த மேசையில் சாரின் மைத்துனர் எப்போதோ எழுதி முடித்து, கேட்டில் காவலுக்கு நிற்பவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு ரெக்கார்டு சார் இருவரையும் கூப்பிட்டார். பென்சிலால் போட்ட மதிப்பெண் தாளில் தெரிந்தது. மைத்துனருக்கு இருபத்தி நாலு. அக்காவுக்கு நாலு.

"புத்தகத்துல இருபத்தொன்பதாயிரத்து எழுநூறு. உனக்குப் பதினஞ்சாயிரம் வந்திருக்கு. பாதிக்குப் பாதி தப்பு. பரவால்ல விடும்மா, இதெல்லாம் படிச்சவங்க வேலை. தோட்டத்துல காத்தோட்டமா இருக்கும்."

அக்காவுக்குக் காது இரண்டும் சிவந்தது. சரிங்க சார் என்று சொல்ல வாயைத் திறந்தாள், வரவில்லை. லேபுக்குத் திரும்பி வந்து குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினாள். பாவிப்பய, தோட்டத்துல காத்தோட்டமாமே! ஒருத்தன் பற்ற வைக்காமலே இருபத்தி நாலு வாங்குவான், பற்ற வைத்தவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாளா? அவளுக்கு அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால் அன்று கல்லூரிக்கு நல்லதாகப் போயிருக்கும்.

அடுத்த மேசையைப் பார்த்தாள். மைத்துனரின் விளக்கு அப்படியே இருந்தது. திரியை விரலால் தொட்டாள். வெள்ளை. அவருடைய விடைத்தாள் சாரின் அறையில் இருந்தாலும், அதில் என்ன எழுதியிருப்பார் என்று அவளுக்கு மனப்பாடம். பத்து வருஷமாக ஒவ்வொரு நோட்டிலும் பார்த்த எண்தானே. மேசையில் கிடந்த தெர்மாமீட்டரை எடுத்தாள், விளக்கை எடுத்தாள், நேரே அறைக்குள் போனாள். கதவைத் தட்டவில்லை.

பேராசிரியை பேனாவைத் திறந்து, பென்சில் மதிப்பெண்ணின்மேல் மையால் எழுதத் தயாராக இருந்தார்.

"மேடம், எழுதுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. அவர் தாள்ல கடைசி வெப்பநிலை எவ்வளவு?"

"ஏம்மா, என்ன இது, உள்ள வந்துட்டு?" என்று ரெக்கார்டு சார் எழுந்தார்.

"உங்களக் கேக்கல சார். மேடத்தக் கேக்குறேன்."

பேராசிரியை தாளைப் புரட்டினார். "எண்பத்தெட்டு புள்ளி நாலு. ஏன்?"

அக்கா தெர்மாமீட்டரை மேசைமேல் வைத்தாள். "இதுதான் அவருக்குக் கொடுத்தது. எதுவரைக்கும் கோடு இருக்குன்னு பாருங்க."

பேராசிரியை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஐம்பது. அதற்குமேல் வெறும் கண்ணாடிதான், கோடே இல்லை. எண்பத்தெட்டுக்குப் போயிருந்தால் அது வெடித்துச் சிதறியிருக்கும். பிறகு அக்கா விளக்கை வைத்தாள். வெள்ளைத் திரியை எல்லோரும் பார்த்தார்கள். கதவோரத்தில் நின்ற மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் பத்த வைக்கல மேடம். கையேட்டுல இருந்ததத்தான் எழுதினேன். அத்தான்தான் அப்படி எழுதினா போதும்னாரு," என்று உண்மையைச் சொல்லிவிட்டார். சொன்னேனே, கெட்டவர் இல்லை.

ரெக்கார்டு சாருக்கு முகம் கறுத்தது. ஆனால் அவர் அசருகிற ஆளா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகிய கை. "சரி, அவன் செய்யல. தப்புதான், குறைச்சுக்கோங்க. ஆனா விடை சரியான விடை. இந்தம்மா செஞ்சும் தப்பு விடை. கிட்டத்தட்ட பாதி குறையுது. எப்படிப் பாஸ் போட முடியும்?"

பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். "அதுவும் சரிதாம்மா. உங்க விடை ரொம்பக் குறைவா இருக்கு. உங்க சார் எழுதின இதே கையேட்டைத்தான் எங்க காலேஜ்லயும் வாங்கி வச்சிருக்கோம். எல்லாருக்கும் இருபத்தொன்பதாயிரம்தான் வருது."

"வராது மேடம்! வருதுன்னு எழுதுறாங்க!" அக்கா கத்தியது வராந்தாவில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. "எவனாவது கேழ்வரகுல நெய் வடியுதுன்னா கேக்குறவங்களுக்கு மதி வேணாமா? அரை கிராம்கூட இல்லாத ஸ்பிரிட்ல இருநூறு கிராம் தண்ணி ஐம்பத்தொன்பது டிகிரி ஏறுமா? அந்த ஸ்பிரிட்டுல இருக்குற மொத்தச் சூட்டையும் ஒரு சொட்டு வீணாகாம தண்ணிக்குள்ள தள்ளுனாலும் பதினாலுதான் ஏறும். இல்லாத சூடு எங்கேருந்து வந்துச்சு? சார் வீட்டுலேருந்து வந்துச்சா?"

"மரியாதையாப் பேசு."

"ஆறு வருஷம் முன்னாடி மரியாதையாத்தான் கேட்டேன். ஜன்னல் துடைச்சியான்னீங்க."

பேராசிரியை பேனாவை மூடினார். கையேட்டை இழுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். இருநூறு பெருக்கல் ஐம்பத்தொன்பது புள்ளி நாலு என்று உதடு அசைந்தது. அவருக்கும் எங்கோ உறுத்தியிருக்க வேண்டும், கழுத்தில் லேசாகச் சிவப்பு ஏறியது. இத்தனை வருஷம் அவரும் அல்லவா அந்த எண்ணுக்கு மதிப்பெண் போட்டு வந்திருக்கிறார். "நான் கையெழுத்துப் போடணும். பொய்யான தாளுக்குப் போட மாட்டேன். ஒரு தடவை செஞ்சு பாத்துடலாம் சார். நீங்களே செய்யுங்க."

"நானா?"

"உங்க கையேடுதானே. அவங்க செஞ்சா ஏதோ செஞ்சுட்டாங்கன்னு சொல்லுவீங்க. நீங்க செஞ்சா சந்தேகம் இருக்காது."

லேபுக்கு வந்தார்கள். ரெக்கார்டு சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். இருபது வருஷமாகச் செய்முறைக்கு மதிப்பெண் போட்ட கைக்கு விளக்கின் மூடி எந்தப் பக்கம் திருகுகிறது என்று தெரியவில்லை. தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவராமலே விளக்கை வைக்கப் போனார். அக்கா சொல்லத் துடித்தாள், சொல்லவில்லை. பேராசிரியைதான் "சுழியம் பாருங்க" என்றார். தீக்குச்சி இரண்டு அணைந்தது. மூன்றாவது பிடித்தது. அவர் நூற்றிப் பத்து டிகிரித் தெர்மாமீட்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார், அக்கா எடுத்துக் கொடுத்தாள். அதில் ஏறத்தான் இடம் நிறைய இருந்தது.

விளக்கு எரிந்தது. நீலச் சுடர், சத்தமே இல்லை. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அன்று அவள் வாயை மூடிக்கொண்டு நின்றது அந்த ஐந்து நிமிஷம்தான். மைத்துனர் நின்ற இடத்திலிருந்து எட்டி எட்டித் தெர்மாமீட்டரைப் பார்த்தார், அவருக்கு இதுவே முதல் தடவை. ரெக்கார்டு சார் கலக்கிக் கலக்கிப் பார்த்தார். முப்பத்து மூன்று. முப்பத்தைந்து. முப்பத்தேழு. அவர் நெற்றியில்தான் வேகமாகச் சூடு ஏறியது.

"விளக்கு சின்னது," என்றார்.

"எரியட்டும் சார், இன்னும் கொஞ்சம்," என்றார் பேராசிரியை. மூன்றரை மணி பஸ்ஸை அவர் அதற்குள் கைகழுவிவிட்டிருந்தார்.

ஐந்து நிமிஷத்தில் அணைத்தார்கள். இருபத்தொன்பதரையில் ஆரம்பித்த தண்ணீர் முப்பத்தெட்டரை. ஏறியது ஒன்பது டிகிரி. விளக்கை எடை போட்டால், எரிந்தது சரியாக அரை கிராம்.

"கணக்குப் போடுங்க சார்," என்றார் பேராசிரியை. வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

ரெக்கார்டு சார் போட்டார். கையேட்டில் எப்படிப் போட்டிருந்தாரோ அப்படியே போட்டார். கை பழகிய வழியில்தானே போகும்? இருநூறு பெருக்கல் ஒன்பது, ஆயிரத்து எண்ணூறு. அரையால் வகுத்தார், மூவாயிரத்து அறுநூறு. பக்கத்தில் 'ஜூல்' என்று எழுதினார். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இருபத்தொன்பதாயிரத்து எழுநூறு எங்கே, மூவாயிரத்து அறுநூறு எங்கே! எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அட்டெண்டருக்குப் பாதி வந்ததற்கு நாலு மதிப்பெண் என்றால், இவருக்கு எத்தனை போடுவது? தாளைத் திருப்பிப் பார்த்தார், பெருக்கலைத் தலைகீழாகச் சரிபார்த்தார், தெர்மாமீட்டரைத் தட்டினார். எங்கே தவறு என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. அக்காவுக்கு ஆறு வருஷமாக இருந்த கோபமெல்லாம் அந்த நொடியில் இன்னும் கொதித்தது. தெரிந்தே ஏமாற்றியிருந்தால்கூட ஒரு மரியாதை உண்டு. இந்த மனுஷனுக்கு எதுவுமே தெரியாமல், தெரியாததை அச்சடித்து, வருஷத்துக்கு அறுபது பிள்ளைகள் தலையில் கட்டி, தெரிந்தவளைத் தோட்டத்துக்கு அனுப்பப் பார்த்தாரே.

"அது கலோரி சார்," என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. "நாலு புள்ளி ரெண்டால பெருக்குங்க."

அவர் பெருக்கினார். பதினைந்தாயிரத்து நூற்று இருபது.

பேராசிரியை அக்காவின் தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பதினைந்தாயிரத்து எழுநூற்று ஐம்பது. அடியில் இருந்த குறிப்பையும் அப்போதுதான் முழுசாகப் படித்தார். பிறகு மதிப்பெண் தாளில் பென்சிலால் இருந்த நாலை அழித்துவிட்டு மையால் இருபத்தி மூன்று என்று எழுதினார். மைத்துனரின் இருபத்தி நாலில் கோடு போட்டுச் சுழியம் எழுதினார். இரண்டு திருத்தத்துக்கும் பக்கத்தில் ரெக்கார்டு சார் சுருக்கொப்பம் இட வேண்டும் என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனுஷன் ஒரு தாளைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பேராசிரியை குடையை எடுத்துக்கொண்டு போனார். மைத்துனர், "நல்லதாப் போச்சுக்கா, எனக்குத் தபால் பிரிக்கிறதே போதும்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நழுவினார்.

ரெக்கார்டு சார் மட்டும் நின்றார். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்: "அடுத்த வருஷம் கையேட்டைத் திருத்திடலாம். அதுவரைக்கும் இது வெளிய போக வேண்டாம்மா. பசங்க சிரிப்பானுங்க."

அக்கா ஈரத் துணியால் பாத்திரத்தின் அடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாத்திரத்தை வேறு யார் துடைத்தாலும் அவளுக்குத் திருப்தி வராது.

"நாளைக்குக் காலைல ரெண்டாம் வருஷம் அறுபது பேரும் வர்றாங்க சார்," என்றாள். "பன்னெண்டு விளக்குக்கும் ஸ்பிரிட் ஊத்தி வச்சுட்டேன். தெர்மாமீட்டர் எல்லாம் ஐம்பது டிகிரிதான் வைப்பேன். கையேட்டைப் பாத்து எண்பத்தெட்டுன்னு எவன் எழுதுறானோ, அவனை நோட்டோட உங்ககிட்டதான் அனுப்புவேன். எப்படி ஏறுச்சுன்னு நீங்களே சொல்லிக் கொடுத்துருங்க."